பொங்கல் வாரத்தில் மூன்றே கட்டங்கள்: அலுவலக மாதக் கட்டம் எப்படி இயங்குகிறது

காரைக்குடியில் கடை, பட்டறை எதற்குள் நுழைந்தாலும் கணக்கர் மேசைக்கு மேலே ஒரு மாதக் காலண்டர் தொங்கும். ஏழு பத்திகள், நான்கிலிருந்து ஆறு வரிசைகள். விடுமுறைகள் சிவப்பில் இருக்கும். கெடு நாள்களைப் பேனாவால் சுழித்திருப்பார்கள். அந்தச் சுழியைப் பெரும்பாலும் தவறான கட்டத்தில் போடுகிறோம் என்பது என் எண்ணம். சட்டம் சொல்லும் கடைசித் தேதி ஒன்று, நம்மால் வேலையை முடிக்கக்கூடிய கடைசி நாள் வேறொன்று. இரண்டாவது நாளைத் தேதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். 2026 ஜனவரியை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும்.

எடுத்துக்காட்டாக, ஆத்தங்குடிப் பக்கம் டைல் வார்க்கும் ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், சனிக்கிழமை வாரக்கூலி, ஜிஎஸ்டி மாதந்தோறும் தாக்கல். அலுவலகத்துக்கு ஞாயிறு மட்டுமே வார விடுமுறை.

முதலில் கட்டத்தை வரைய வேண்டும். அதற்கு இரண்டே தகவல்கள் போதும்: ஒன்றாம் தேதி என்ன கிழமை, மாதத்துக்கு எத்தனை நாள். 2026 ஜனவரி 1 வியாழன். ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் அதற்கு முன் நான்கு கட்டங்கள் காலியாக நிற்கும். நான்கோடு 31-ஐக் கூட்டினால் 35. அதாவது சரியாக ஐந்து வரிசைகள், கடைசியில் ஒரு கட்டம்கூட மிஞ்சாது. கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் ஆறாம் வரிசை வரும். 2026 ஆகஸ்ட் சனிக்கிழமையில் பிறப்பதால் ஆறும் முப்பத்தொன்றும் சேர்ந்து 37 ஆகிறது. அச்சகத்தார் சிலர் ஆறாம் வரிசைக்கு இடமில்லாமல் 30, 31 தேதிகளை முதல் வரிசையின் காலிக் கட்டங்களில் ஏற்றிவிடுவார்கள். மாதக் கடைசிக் கெடு அப்படி மேலே போய் உட்கார்ந்தால் கண் அதைத் தவறவிடும். கெடு குறிக்கும் காலண்டரில் ஆறாம் வரிசையைக் கையால் வரைந்தாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

விரிதாளில் வரைபவர்களுக்கு, இடது மேல் மூலைக் கட்டத்தின் தேதியை இந்தச் சூத்திரம் தரும்:

```
=DATE(2026,1,1)-WEEKDAY(DATE(2026,1,1))+1
```

விடை 2025 டிசம்பர் 28, ஞாயிறு. அடுத்தடுத்த கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சரியாக வந்திருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் சோதிக்க முடியும்: 1, 8, 15, 22, 29 ஐந்தும் ஒரே பத்தியில் நிற்க வேண்டும்.

இனி மூடிய கட்டங்களை அடைக்கலாம். கீழே × குறி அலுவலகமும் வங்கியும் மூடியிருக்கும் நாள். 'வ' என்பது வங்கி மட்டும் மூடியிருக்கும் நாள்.

| ஞா | தி | செ | பு | வி | வெ | ச |
|---|---|---|---|---|---|---|
| | | | | 1 × | 2 | 3 |
| 4 × | 5 | 6 | 7 | 8 | 9 | 10 வ |
| 11 × | 12 | 13 | 14 | 15 × | 16 × | 17 × |
| 18 × | 19 | 20 | 21 | 22 | 23 | 24 வ |
| 25 × | 26 × | 27 | 28 | 29 | 30 | 31 |

புத்தாண்டு, பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள், குடியரசு நாள் ஆகியவை அரசு விடுமுறைகள். 'வ' இரண்டும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள். இரண்டாம் சனி எந்த மாதத்திலும் 8-க்கும் 14-க்கும் இடையில்தான் விழும். நான்காம் சனி 22-க்கும் 28-க்கும் இடையில். அதனால் இவற்றைக் குறிக்கப் பட்டியல் எதையும் தேட வேண்டியதில்லை.

நடு வரிசையைப் பாருங்கள். ஏழு கட்டங்களில் திறந்திருப்பவை 12, 13, 14 மட்டுமே. அதிலும் 14 போகி. ஊருக்குப் போகிறவர்கள் மதியத்துக்கு மேல் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். பிறகு ஞாயிறு வரை நான்கு நாள் தொடர் விடுமுறை.

போன ஆண்டுக் கட்டத்தை அப்படியே நகல் எடுத்தால் இந்த வரிசை பொய்யாகிவிடும். சாதாரண ஆண்டு 365 நாள், அதாவது 52 வாரமும் ஒரு நாளும். எனவே எல்லாத் தேதிகளும் ஒரு பத்தி வலப்பக்கம் தள்ளிப் போகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொங்கல் மட்டும் இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. 2025-இல் அது ஜனவரி 14, 2026-இல் 15. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தைக் கொண்டு தை பிறக்கிறது. விண்மீன்களை வைத்து அளந்தால் ஓர் ஆண்டு என்பது 365 நாளும் ஏறத்தாழ 6 மணி 9 நிமிடமும். ஆங்கில ஆண்டு 365 நாளோடு முடிந்துவிடுவதால், அந்த நுழைவு ஒவ்வோர் ஆண்டும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிந்துகிறது. பிந்திப் பிந்தி அடுத்த தேதிக்குள் விழுந்துவிடும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29 வந்து அதைப் பின்னால் இழுத்துவிடும். 2022-இல் 14, 2023, 2024 இரண்டிலும் 15, லீப் நாள் கழிந்தபின் 2025-இல் மறுபடி 14 என்று பொங்கல் மாறி வந்தது இதனால்தான்.

இந்த இழுப்பும் முழுமையானது அல்ல. நான்கு ஆண்டுகளில் நுழைவு பிந்துவது 24 மணி 37 நிமிடம். லீப் நாள் திருப்பித் தருவது 24 மணி. மிச்சமுள்ள அரைமணிச் சொச்சம் சேர்ந்துகொண்டே போகிறது. லீப் சுழற்சியில் 2022-உம் 2026-உம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இருந்தும் 2022-இல் 14 ஆக இருந்த பொங்கல் 2026-இல் 15 ஆனதற்குக் காரணம் அந்த மிச்சம்தான். ஆகவே பொங்கல் தேதியை அந்தந்த ஆண்டின் அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டும்.

அடுத்தது கெடு நாள்கள். டிசம்பரில் பிடித்த டி.டி.எஸ். ஜனவரி 7-க்குள். விற்பனை விவரம் தரும் GSTR-1 படிவம் 11-க்குள். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் 15-க்குள். வரி கட்டும் GSTR-3B படிவம் 20-க்குள். இவற்றில் 7 புதன்கிழமை, சிக்கல் இல்லை. 11 ஞாயிறு. 15 பொங்கல்.

1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தில் 10-ஆம் பிரிவு ஒன்று உண்டு: ஓர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அந்த அலுவலகம் மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்யலாம். பழைய கணக்கர்கள் இதை நம்பியே விடுமுறைக் கெடுவை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளுவார்கள். ஆனால் இப்போது தாக்கல் செய்யும் இணையதளம் பொங்கலன்றும் திறந்திருக்கிறது, பணத்தையும் வாங்கிக்கொள்கிறது. மூடாத ஒன்றுக்கு மூடிய நாளின் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அதனால் நம் கட்டத்தில் கெடு எப்போதும் பின்னோக்கித்தான் நகர வேண்டும். வைப்பு நிதியில் இது மிக முக்கியம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதோடு அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு நாள் தாமதமும் தாமதம்தான்.

எவ்வளவு பின்னோக்கி என்பது, அந்த வேலைக்கு யார் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. GSTR-1 தாக்கலில் பணம் கட்டுவது இல்லை. அதற்கு வங்கி மூடியிருப்பது பொருட்டல்ல, அலுவலகத்தில் ஆள் இருந்தால் போதும். எனவே 11-ஆம் தேதிக் கெடு சனிக்கிழமை 10-க்குத்தான் நகரும். அதே சனிக்கிழமை வாரக்கூலிக்கு ரொக்கம் வேண்டும். அன்று வங்கி இல்லை. ரொக்கத்தை 9-ஆம் தேதி வெள்ளியன்றே எடுத்துவிட வேண்டும். ஒரே கட்டம் ஒரு வேலைக்குத் திறந்தும் இன்னொரு வேலைக்கு மூடியும் இருக்கிறது. இதனால் விரிதாளில் அலுவலக விடுமுறை, வங்கி விடுமுறை என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். கெடு B2-இலும் பொருத்தமான பட்டியல் H பத்தியிலும் இருந்தால்:

```
=WORKDAY.INTL(B2+1,-1,11,$H$2:$H$40)
```

இதில் 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்பதற்கான குறியீடு. கெடுவுக்கு மறுநாளில் நின்று ஒரு வேலைநாள் பின்னால் வா என்கிறது சூத்திரம். கெடு நாளே வேலைநாளாக இருந்தால் அதையே தரும்; இல்லாவிட்டால் அதற்கு முந்தைய வேலைநாளைத் தரும். வைப்பு நிதிக்கு விடை 14.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. GSTR-3B கெடுவான 20 செவ்வாய்க்கிழமை, வேலைநாள்தான். சூத்திரம் 20 என்றே சொல்லும், எல்லாம் சரியென்று தோன்றும். ஆனால் கொள்முதல் ரசீதுகளைச் சரிபார்த்து, வரியைக் கணக்கிட்டு, முதலாளி ஒப்புதலோடு பணம் கட்ட மூன்று வேலைநாள் தேவை என்று வையுங்கள். -1 இருக்கும் இடத்தில் -3 போட்டால் தொடங்க வேண்டிய நாள் கிடைக்கும். 20, 19, அதற்கு முன் நான்கு மூடிய கட்டங்கள், பிறகு 14. வேலையை 14-ஆம் தேதியே தொடங்கியாக வேண்டும்.

வைப்பு நிதி வேலைக்கும் மூன்று நாள் என்றால் அது 12, 13, 14-இல் ஓடுகிறது. வைப்பு நிதியின் கடைசி நாளும் ஜிஎஸ்டியின் முதல் நாளும் 14-ஆம் கட்டத்திலேயே மோதுகின்றன. 17-ஆம் தேதிச் சனிக்கிழமையின் கூலியையும் பொங்கலுக்கு முன், அதே 14-இல் கொடுக்க வேண்டும். தேதிகளை வரிசையாக எழுதிய பட்டியலில் 15-க்கும் 20-க்கும் நடுவே ஐந்து நாள் இடைவெளி தெரியும். அந்த ஐந்து நாளில் உண்மையில் திறந்திருப்பது 19, 20 இரண்டும்தான்.

இங்கே தீர்வு, நகர்த்த முடிந்ததை நகர்த்துவது. டிசம்பர் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் ஜனவரி முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். ஆகவே வைப்பு நிதி வேலையை 7, 8, 9-க்குத் தள்ளிவிடலாம். கொள்முதல் சரிபார்ப்பை அப்படித் தள்ள முடியாது. அதற்கு வேண்டிய GSTR-2B அறிக்கை 14-ஆம் தேதிதான் உருவாகிறது.

கடைசி வரிசையில் அரசு விடுமுறை ஒன்றுதான். ஆனாலும் 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1. பழனிக்கு நடப்பவர்கள் சில நாள் முன்னதாகவே குன்றக்குடியிலிருந்து புறப்பட்டுவிடுவார்கள். டி.டி.எஸ். காலாண்டு அறிக்கையின் கெடு ஜனவரி 31. அதைத் தயாரிப்பவர் பாதயாத்திரை போகிறவராக இருந்தால், அவர் கிளம்பும் நாளுக்கு முந்தைய கட்டம்தான் உண்மையான கெடு. அரசுப் பட்டியலில் இல்லாத இத்தகைய நாள்களை ஆளின் பெயரோடு பென்சிலால் குறிப்பது போதும்.

அடுத்து வரும் பிப்ரவரி ஞாயிறில் பிறந்து 28 நாளோடு, சரியாக நான்கு வரிசையில் முடிகிறது. அதனால் மார்ச்சும் அதே பத்திகளில் உட்காரும். இரண்டு மாதத்திலும் 15 ஞாயிறு, 14 இரண்டாம் சனி. வைப்பு நிதியும் மார்ச்சின் முன்கூட்டிய வருமான வரித் தவணையும் அந்த 15-இல்தான் விழுகின்றன. இணையத்தில் கட்டுபவர்கள் 14-ஐச் சுழிக்கலாம்; வரித் தவணைக்கு வங்கி மேசைக்குச் சீட்டோடு போகிறவர்கள் 13-ஆம் தேதி வெள்ளியைச் சுழிக்க வேண்டும்.