ஒரே கத்தை, பல கோப்புகள்: பார்கோடு பிரிப்புத் தாள் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது

தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் பத்து ஆவணங்களைத் தனித்தனியாக வைத்து எடுத்தால், ஸ்கேன் ஆகும் நேரத்தைவிட வைத்து எடுத்துப் பெயரிடும் நேரமே அதிகம். எல்லாவற்றையும் ஒரே கத்தையாக அடுக்கி, ஆவணத்துக்கு ஆவணம் நடுவில் பார்கோடு அச்சிட்ட ஒரு தாளைச் செருகிவிட்டால் அந்த வேலை மிச்சம். ஸ்கேனர் முழுக் கத்தையையும் ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுக்கும். மென்பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் பார்கோடு தேடி, குறிப்பிட்ட சொல் கிடைத்த இடத்தில் வெட்டும். வெட்டியபின் அந்தப் பிரிப்புப் பக்கத்தை எறிந்துவிடும்.

அந்தச் சொல் பெரும்பாலும் PATCHT. paperless-ngx போன்ற ஆவணக் காப்பு மென்பொருளில் இதற்கு இரண்டு வரி அமைப்பு போதும்:

```
PAPERLESS_CONSUMER_ENABLE_BARCODES=true
PAPERLESS_CONSUMER_BARCODE_STRING=PATCHT
```

உங்கள் ஆவணங்களிலேயே வேறு பார்கோடுகள் இருக்கலாம். பில்லிலும் கூரியர் சீட்டிலும் அவை சாதாரணம். அவற்றுக்குள் இருக்கும் எழுத்துகள் வேறு என்பதால் அங்கே வெட்டு விழாது. பார்கோடுக்குக் கீழே PATCHT என்று அச்சாகியிருக்கும் எழுத்து மனிதருக்கானது. அதை மென்பொருள் பொருட்படுத்துவதில்லை.

இதற்கு வழக்கமாகப் பயன்படுவது கோட் 128 வகை. அதில் ஒவ்வொரு எழுத்தும் 11 அலகு அகலம். அந்த அகலத்துக்குள் மூன்று கறுப்புப் பட்டைகள், மூன்று வெள்ளை இடைவெளிகள். PATCHT என்பதில் ஆறு எழுத்துகள். தொடக்கக் குறியும் சரிபார்ப்புக் குறியும் சேர்த்தால் எட்டு, அதாவது 88 அலகு. முடிவுக் குறி 13. மொத்தம் 101 அலகு. ஓர் அலகை அரை மில்லிமீட்டராக அச்சிட்டால் பார்கோடு ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் வரும். இரு முனையிலும் பத்து அலகு, அதாவது 5 மி.மீ., வெறுமையாக விட வேண்டும். அந்த வெறுமை இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்பதே மென்பொருளுக்குத் தெரியாது.

சரிபார்ப்புக் குறியைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். தொடக்கக் குறியின் மதிப்பு 104. P, A, T, C, H, T ஆகியவற்றின் மதிப்புகள் 48, 33, 52, 35, 40, 52. ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கி, 104-உடன் கூட்டினால் 1026. அதை 103-ஆல் வகுத்தால் மீதி 99. இந்த 99 பார்கோடுக்குள்ளேயே அச்சாகியிருக்கும். படித்த எழுத்துகளுக்கு இந்த மீதி வராவிட்டால் மென்பொருள் மொத்த வாசிப்பையும் தள்ளிவிடும். ஆகவே பார்கோடு தவறாக வாசிக்கப்பட்டு, வெட்டக்கூடாத இடத்தில் வெட்டு விழுவது மிக அரிது. நடைமுறையில் வரும் கோளாறு எதிர்ப்பக்கம்: பார்கோடு வாசிக்கப்படாமல் போய், இரண்டு ஆவணங்கள் ஒட்டிக்கொள்ளும்.

வாசிக்கப்படாமல் போவதற்கு முதல் காரணம் அளவு. அரை மில்லிமீட்டர் அலகு 300 டிபிஐயில் ஏறக்குறைய 6 புள்ளிகள் அகலம், 200-இல் 4. இரண்டுமே தாராளம். பார்கோடை மூலையில் சின்னதாகப் போட்டு, அலகு கால் மில்லிமீட்டர் ஆகிவிட்டால் 200 டிபிஐயில் இரண்டே புள்ளிகள்தான். அதோடு கறுப்பு-வெள்ளை முறையில் ஸ்கேன் செய்தால், மெல்லிய இடைவெளிகள் அடைபட்டுப் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தாள் முழுவதும் உங்களுடையது, பெரிதாகவே அச்சிடுங்கள்.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. தானே இழுக்கும் ஸ்கேனரில் நகர்வது தாள். உணரி அசையாமல் நிற்கிறது. கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டினால் அது புள்ளியாக விழாது, தாள் போகும் திசையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடாக இழுபடும். பார்கோடின் பட்டைகளும் அதே திசையில் நின்றால், அந்தக் கோடு ஓர் இடைவெளிக்குள் விழுந்து புதிய பட்டை போலவே நிற்கும். எந்த உயரத்தில் குறுக்காக வாசித்தாலும் அது எதிர்ப்படும். பார்கோடைக் கால் திருப்பு திருப்பி, பட்டைகள் தாள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்கும்படி அச்சிட்டால் கதை மாறும். கோடு இப்போது எல்லாப் பட்டைகளையும் ஓரிடத்தில் மட்டும் வெட்டிப் போகும். அதற்கு இடமோ வலமோ சற்றுத் தள்ளி வாசித்தால் பார்கோடு முழுசாக இருக்கும். வாசிக்கும் மென்பொருள்கள் படத்தைக் கிடையாகவும் நெடுக்காகவும் துழாவுவதால் திருப்பி அச்சிடுவதில் இழப்பு ஏதுமில்லை. ஒரே தாளில் நேராக ஒன்று, திருப்பியது ஒன்று என இரண்டு போடுவது நல்லது. ஏதாவது ஒன்று வாசிக்கப்பட்டால் போதும்.

தாள் சாய்ந்து போவது பெரிய தொல்லை இல்லை. 5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. உயரமும் உள்ள பார்கோடு ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்தாலும் எல்லாப் பட்டைகளையும் கடக்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும்.

அதிகம் பேரைக் குழப்புவது இருபக்க ஸ்கேன். 3, 1, 5, 2 தாள்கள் கொண்ட நான்கு ஆவணங்களை எடுத்துக்கொள்வோம். 11 தாள்கள், நடுவில் 3 பிரிப்புத் தாள்கள், ஆக 14 தாள்களுக்கு 28 பக்கங்கள். பிரிப்புத் தாளின் இருபுறமும் பார்கோடு இருந்தால் கிடைக்கும் கோப்புகள் 6, 2, 10, 4 பக்கங்கள். ஒருபுறம் மட்டும் இருந்தால் முன்பக்கம் எறியப்படும், வெற்றுப் பின்பக்கம் அடுத்த ஆவணத்தின் முதல் பக்கமாக ஏறிக்கொள்ளும்: 6, 3, 11, 5. தாளைக் கவிழ்த்துச் செருகியிருந்தால் அந்த வெற்றுப் பக்கம் முந்தைய ஆவணத்தின் வாலில் ஒட்டும். இருபுறமும் அச்சிடுவது இரண்டையுமே தீர்க்கிறது.

இதிலேயே சோதனையும் இருக்கிறது. இருபக்க ஸ்கேனில் வெற்றுப் பக்கங்களை நீக்கும் வசதியை அணைத்து வைத்தால், ஒவ்வொரு கோப்பும் இரட்டைப்படைப் பக்கங்களோடுதான் வர வேண்டும். ஒற்றைப்படை வந்தால் ஏதோ நடந்திருக்கிறது. மோசமான வகை, பிரிப்புத் தாளும் அடுத்த தாளும் ஒட்டிச் சேர்ந்து போவது. அப்போது மேல் உணரி ஒன்றின் முகத்தையும் கீழ் உணரி மற்றதன் முதுகையும் பார்க்கும். வெட்டு சரியாக விழுந்துவிடும். ஆனால் ஆவணத்தின் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். மேலே சொன்ன ஒற்றைத் தாள் ஆவணம் 2-க்குப் பதில் 1 பக்கமாக வரும். இரட்டைத் தாளைக் கண்டறியும் மீயொலி உணரி உங்கள் ஸ்கேனரில் இருந்தால் அதை அணைக்காதீர்கள்.

கோப்புகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்: செருகிய தாள்களைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டிய கோப்பைத் திறந்து பாருங்கள். பிரிப்புப் பக்கம் உள்ளே அப்படியே கிடந்தால் பார்கோடு வாசிக்கப்படவில்லை. பிரிப்புப் பக்கமே இல்லையென்றால் தாளைச் செருக மறந்திருக்கிறீர்கள், அல்லது அது இரண்டு தாள்களுக்கு நடுவே சிக்கிச் சேர்ந்து போயிருக்கிறது. அப்போது அந்த இரண்டு தாள்களும் ஒரு ஜோடிப் பக்கங்களாகச் சுருங்கியிருக்கும். வாசிப்புக் கோளாறு என்றால், முதலில் ஸ்கேனை அப்படியே வைத்து இப்படிச் சோதிக்கலாம்:

```
pdftoppm -r 300 -png scan.pdf p
for f in p-*.png; do echo "$f"; zbarimg -q "$f"; done
```

முதல் கட்டளை பக்கங்களைப் படங்களாக்கும், அடுத்தது ஒவ்வொரு படத்தின் பெயரையும் காட்டி அதில் பார்கோடு தேடும். பிரிப்புப் பக்கத்தின் பார்கோடு வாசிக்கப்பட்டால் பெயருக்குக் கீழே `CODE-128:PATCHT` என்று ஒரு வரி வரும். எந்தப் பிரிப்புப் பக்கத்துக்கு வரவில்லையோ அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெடுக ஒரு கோடு தெரிந்தால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பட்டைகள் வெளிறியிருந்தால் மை மிச்சம் பிடிக்கும் முறையில் அச்சிட்டிருக்கிறீர்கள், அல்லது பலமுறை உருளைகளுக்குள் போய் வந்து தாள் தேய்ந்துவிட்டது. புதிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். கத்தையில் எளிதாகக் கண்ணில் பட வண்ணத் தாள் வேண்டுமென்றால் வெளிர் மஞ்சள் சரிவரும். அடர் வண்ணம் பட்டைக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைத் தின்றுவிடும்.