டேங்க் நிறையவில்லை, ஆனால் சிவப்பு லைட் எரிகிறது

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்டவாக உள்ள ஒரு தொடர்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். புத்தக அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கிறதென்று ஈரப்பதம் உறிஞ்சும் மெஷின், அதுதான் டிஹியூமிடிஃபையர், வாங்கி வைத்திருந்தார். "தம்பி, முதலில் பாதி வழியிலேயே நின்றது. இப்போது அறை முழுக்கத் தண்ணீர்" என்றார். இரண்டையும் வெவ்வேறு பழுது என்று நினைத்திருந்தார். முதல் பழுதுக்குச் செய்த வைத்தியம்தான் இரண்டாவதைக் கொண்டுவந்தது.

டேங்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். நாலு லீட்டர் பிடிக்கும் டேங்க். அதன் ஓரத்தில் இருக்கும் சிறிய மிதவையை யாரோ டேப்பால் கீழே அழுத்தி ஒட்டியிருந்தார்கள். லைட் வீணாக எரிகிறது என்று தெரிந்தவர் ஒருவர் செய்து கொடுத்த உதவியாம். அதன்பிறகு மெஷினுக்கு டேங்க் எப்போதும் காலிதான். ஒரே இரவில் தண்ணீர் விளிம்பைத் தாண்டிவிட்டது.

மிதவையின் வேலையைச் சொல்கிறேன். அவருடைய மெஷினில் மிதவையின் நுனியில் ஒரு சிறு காந்தம் உண்டு. டேங்குக்குப் பின்னால், மெஷின் உடலுக்குள், அந்தக் காந்தத்தை உணரும் சுவிட்ச் இருக்கிறது. காந்தம் அருகில் இருந்தால் மெஷின் ஓடும். தண்ணீர் ஏறி மிதவை உயர்ந்தால் காந்தம் விலகும், மெஷின் நிற்கும். டேங்கைக் கழற்றினாலும் காந்தம் விலகுகிறது, அதே லைட்தான் எரிகிறது. ஆகவே அந்த லைட்டின் அர்த்தம் "டேங்க் நிறைந்துவிட்டது" என்பதல்ல. "காந்தம் தெரியவில்லை" என்பதுதான். சில மெஷின்களில் காந்தத்துக்குப் பதிலாகத் தள்ளுகோல் சுவிட்ச் இருக்கும். விஷயம் அதேதான்.

டேப்பைக் கழற்றி, விரலால் மிதவையைத் தூக்கி விட்டேன். கீழே விழவில்லை, அப்படியே நின்றது. கீலைச் சுற்றி வழுவழுப்பான பாசி. டேங்கில் சேரும் தண்ணீர் பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் காற்றில் வரும் தூசு அதோடு சேர்ந்து நாளடைவில் இப்படிப் படியும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கழுவிய பிறகு மிதவை தானாக விழுந்தது.

நீங்களும் வீட்டில் இப்படிச் சோதிக்கலாம். டேங்கில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிச் சரியாக உள்ளே தள்ளுங்கள்: லைட் எரியக்கூடாது. பிறகு மேல் கோடு வரை ஊற்றித் தள்ளுங்கள்: எரிய வேண்டும். சத்தத்தை நம்பாமல் லைட்டையே பாருங்கள். நின்ற கம்பிரசர் திரும்ப ஓட ஏறத்தாழ மூன்று நிமிடம் எடுக்கும். அதைப் பழுதென்று நினைத்து ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, மிதவை முடிந்தது. அம்மா அத்தோடு விடவில்லை. இனி டேங்கே வேண்டாமென்று ஹோஸ் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார். மெஷினின் பின்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தண்ணீர் வெளியேறும் வாய். ஹோஸ் அங்கிருந்து பாத்ரூமுக்குப் போகிறது. நடுவில் பாத்ரூம் வாசல்படி, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். நுனியோ வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. இந்தத் தண்ணீர் தன் பாரத்தால் மட்டுமே ஓடும், தள்ளிவிட எதுவும் இல்லை. படி ஏற முடியாமல் ஹோஸுக்குள்ளேயே நின்றுவிடும். நுனி மூழ்கியிருந்தால் உள்ளே உள்ள காற்றும் வெளியேற வழியில்லை.

இதில் ஆபத்து என்னவென்றால், அவருடைய மெஷினில் ஹோஸ் அடைத்தால் தண்ணீர் டேங்குக்குத் திரும்புவதில்லை. உள்தட்டு நிரம்பி முதுகுப்பக்கமாக வழிகிறது. டேங்க் காய்ந்திருக்கும், மிதவைக்கு ஒன்றும் தெரியாது, மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் தண்ணீர் கண்டால் முதலில் சுவரில் ஸ்விட்சை அணைத்து, காய்ந்த கையால் பிளக்கைக் கழற்றுங்கள். உட்பக்கம் நனைந்ததா என்று பார்க்காமல் மீண்டும் போட வேண்டாம்.

மெஷினை ஆடாத மர மேசையொன்றில் சமமாக ஏற்றினேன். ஹோஸைச் சுருக்கி வெட்டி, வழியெல்லாம் இறக்கமாக வைத்து, நுனியைப் பாத்ரூம் தண்ணீர் போகும் துவாரத்துக்கு மேலே தொங்கவிட்டேன். ஹோஸைக் கழற்றி ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் உடனே மறுபக்கம் வர வேண்டும். மாதம் ஒருமுறை அப்படிச் செய்யச் சொன்னேன், ஏனென்றால் மிதவையில் பிடித்த அதே பாசி ஹோஸுக்குள்ளும் பிடிக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் போக இருப்பதாகவும், மெஷினை ஹோஸோடு ஓடவிட்டுப் போகலாமா என்றும் கேட்டார். வேண்டாம் அம்மா என்றேன். ஹோஸைக் கழற்றி, வாயில் ரப்பர் மூடியை இறுக்கிப் போட்டு, காலி டேங்கோடு விட்டுப் போகச் சொன்னேன். மூடியை மறந்தால் தண்ணீர் டேங்குக்குப் போகாமல் பின்னால் சொட்டும். மூடி இருந்தால், டேங்க் நிறைந்ததும் மெஷின் நின்றுவிடும், புத்தகங்களுக்குக் கொஞ்சம் ஈரம் கூடும், அவ்வளவுதான். கிளம்பும் நாள் காலையில் அந்த மூடி எங்கே என்று கேட்டு அழைத்தார். ஹோஸ் வந்த பைக்குள் கிடந்தது.