நின்ற உயரம் மட்டும் போதாது: மூளைக்கும் முதுகுக்கும் கதிர்ச்சிகிச்சை எடுத்த பிள்ளைகள்

எட்டரை வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தாய் யாழ்ப்பாணத்தில் என்னிடம் கூட்டி வந்தது தடிமனுக்காக. ஐந்து வயதில் சிறுமூளையில் மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டி வந்து, சத்திரசிகிச்சை முடிந்து, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தலைக்கும் முழு முதுகுத்தண்டுக்கும் கதிர்ச்சிகிச்சை எடுத்தவள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உயரம் 120.5 சென்டிமீற்றர். ஒரு வருடத்துக்கு முன் 116. வரைபடத்தில் கீழ்ப்பக்கமாக இருந்தாலும் கோடுகளுக்குள்தான் நின்றாள். "வளர்ந்துகொண்டுதானே இருக்கிறா, டொக்டர்" என்றார் தாய். அந்த 4.5 சென்டிமீற்றரை மட்டும் பார்த்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ஆனால் பிள்ளைக்கு ஏழரை வயதிலேயே மார்பு வளரத் தொடங்கியிருந்தது. பருவமடையும் வேகத்தில் இருக்கும் பெண்பிள்ளை வருடத்துக்கு ஏழு, எட்டு சென்டிமீற்றர் வளர வேண்டும். இவள் அதில் பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறாள். தலைக்குக் கொடுத்த கதிர் இரண்டு வேலை செய்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்ச்சி ஹோர்மோன் சுரப்பதைக் குறைக்கிறது. சில பிள்ளைகளில், கூடுதலாகப் பெண்பிள்ளைகளில், பருவத்தையும் முன்கூட்டியே தொடக்கிவிடுகிறது. பருவ ஹோர்மோன் கொடுக்கும் சிறிய வளர்ச்சி, வளர்ச்சி ஹோர்மோனின் குறையை மூடி மறைத்துவிடும். அதற்கிடையில் எலும்பின் வளர்தட்டு மூடிக்கொண்டு வரும். இவளுடைய கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது பத்து.

அப்புறம் அவளை ஒரு பெட்டியில் இருத்தி அளந்தேன். இருக்கும் உயரம், அதாவது உட்கார்ந்த நிலையில் பிட்டத்திலிருந்து உச்சி வரை, 60 சென்டிமீற்றர். இந்த வயதில் மொத்த உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட, நூற்றுக்கு 52 அல்லது 53 பங்கு, தலையும் உடம்புமாக இருக்க வேண்டும். அவளுக்கு 63 அளவில் வந்திருக்க வேண்டும். மூன்று சென்டிமீற்றர் குறைவு முழுக்க முதுகில். கதிர் நேரே பட்ட முள்ளெலும்புகளின் வளர்தட்டுகள் சரியாக வளர்வதில்லை. காலெலும்புகளில் கதிர் படவில்லை. பாடசாலைச் சட்டையின் இடுப்புப் பட்டி கீழே இறங்கி நிற்கிறது என்று தையல்காரர் சொன்னதாகத் தாய் பிறகு நினைவுபடுத்தினார். அவர் கண்டது இதைத்தான்.

இருக்கும் உயரம் அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. உயரம் அளக்கும் பலகைக்கு முன் ஒரு தட்டையான பெட்டி, பிட்டமும் முதுகும் பலகையில் முட்ட, பார்வை நேராக. வரும் அளவிலிருந்து பெட்டியின் உயரத்தைக் கழிக்க வேண்டும். உச்சியில் கொண்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே பலகையில். அரைச் சென்டிமீற்றர் பிழையும் ஆறு மாத வளர்ச்சிக் கணக்கில் பெரிது.

வளர்ச்சி ஹோர்மோன் போதுமா என்று காட்டும் ஐ.ஜி.எஃப்-1 அவளுடைய இரத்தத்தில் சாதாரணமாகவே வந்தது. தலைக்குக் கதிர் எடுத்தவர்களில் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஹோர்மோனைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனையில்தான் குறைவு தெரிந்தது. முதுகுக்குப் போகும் கதிர் கழுத்துத் தைரொயிட்டிலும் படுவதால் அதையும் பார்த்தோம். அதுவும் குறைந்திருந்தது, முதலில் அதைச் சரிசெய்தோம். பிறகு அகஞ்சுரப்பியியல் நிபுணரின் கண்காணிப்பில், பருவத்தை நிறுத்திவைக்கும் மாதாந்த ஊசியும், இரவில் போடும் வளர்ச்சி ஹோர்மோனும்.

"திரும்பக் கட்டி வந்திடுமோ?" என்று தாய் கேட்டார். நியாயமான பயம். இப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் வளர்ச்சி ஹோர்மோன் ஊசியால் பழைய கட்டி திரும்புவது கூடியதாகக் காணப்படவில்லை. ஆனாலும் சிகிச்சை முடிந்து குறைந்தது ஒரு வருடம் நோயின்றி இருந்த பிறகு, புற்றுநோய் வைத்தியரின் சம்மதத்தோடுதான் தொடங்குவோம். வேகமாக வளரும்போது முதுகு வளையலாம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் குனியவைத்தும் பார்ப்பேன்.

ஒரு வருடத்தில் 7 சென்டிமீற்றர் வளர்ந்தாள். அந்த ஏழில், இருந்து அளந்த உயரம் கூடியது 2 மட்டும், மிச்சம் காலில். முதுகில் போனதை ஊசி மீட்டுத் தராது. தொடங்கும்போதே அதைத் தாயிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால், கால் நீண்டு உடம்பு குறுகித் தெரிவதை மருந்தின் பிழை என்று நினைத்து ஊசியை நிறுத்தியிருப்பார்கள்.

லுக்கேமியாவுக்காகத் தலைக்கு மட்டும் கதிர் எடுத்த பிள்ளைகளில் உடம்பும் காலும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில்தான் குறுகும். ஹோர்மோன் குறைவு பல வருடம் கழித்தும் வரலாம். ஆகவே மகரகமவில் தந்த அட்டையை எறிந்துவிடாதீர்கள். எந்த இடத்துக்கு, மொத்தம் எத்தனை கிரே அளவு கதிர், எந்த வயதில் என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். தடிமனுக்கு வந்தாலும் அதைக் கொண்டு வாருங்கள்.