மூன்றாவது ஸ்பெல்லில் லெங்த் ஏன் தவறுகிறது?

என் அக்கா மகனுக்கு 15 வயது. பள்ளி அணியில் வேகப்பந்து வீசுகிறான், ஆறாவதாக இறங்கி ஆடுகிறான். போன ஏப்ரலில் ஒரு 50 ஓவர் ஆட்டத்தில் முதல் இரண்டு ஸ்பெல்லையும் அழகாகப் போட்டான். 40 ஓவருக்கு மேல் திரும்பக் கூப்பிட்டபோது ஒரு பந்து லெக் பக்கம் போனது, அடுத்தது ஃபுல் டாஸ், அதற்கடுத்தது பாதி பிட்ச்சிலேயே குத்தியது. வேகம் மட்டும் குறையவில்லை. பையன் கவனமில்லாமல் போடுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இதற்கு உடலியல் காரணம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தேர்ந்த பந்துவீச்சாளர்களை வெக்கையில் உடற்பயிற்சி செய்ய வைத்துவிட்டுப் பந்து வீசச் சொன்னார்கள். ஒரு நாள் வேண்டிய அளவு நீர் கொடுத்தார்கள், இன்னொரு நாள் மிகக் குறைவாகக் கொடுத்தார்கள். நீர் குறைந்த நாளில் அவர்கள் உடல் எடையில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இழந்திருந்தார்கள். பந்தின் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. லைனும் லெங்த்தும் மட்டும் தெளிவாகக் கெட்டுப்போயின. வேகம் குறைந்தால் பையனுக்கே தெரிந்துவிடும். துல்லியம் கைநழுவுவது அவனுக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் கவனக்குறைவு போலத்தான் தோன்றும்.

எனவே அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு எடை மெஷினைக் கிட் பேக்குடன் எடுத்துப்போனோம். காலை 9 மணிக்கு அவர்கள் அணி ஃபீல்டிங்குக்கு இறங்கும் முன் அவன் எடை 50.2 கிலோ. மூன்றரை மணி நேரம் கழித்து உள்ளே வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 48.6. இடையில் எதுவும் சாப்பிடவில்லை, சிறுநீர் கழிக்கவில்லை, குடித்தது ஒன்றரை லிட்டர். ஒரு கிலோ இழப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். குறைந்தது 1.6, குடித்தது 1.5, ஆக வெளியேறிய வியர்வை சுமார் 3.1 லிட்டர். மணிக்கு 900 மில்லி! இழப்பு உடல் எடையில் 3 சதவீதத்துக்கு மேல். அந்த ஆய்வில் துல்லியம் கெட்டுப்போன அளவையே இவன் தாண்டிவிட்டான்.

வியர்வை ஆளுக்கு ஆள் மாறும், நாளுக்கு நாளும் மாறும். பக்கத்து வீட்டுப் பையனின் கணக்கு உங்கள் பையனுக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று ஆட்டங்களில் எடை பார்த்தால் போதும், அவனுக்கு உரிய அளவு பிடிபட்டுவிடும்.

இழப்பை 2 சதவீதத்துக்குள், அதாவது இவனுக்கு ஒரு கிலோவுக்குள், நிறுத்த வேண்டுமானால் மூன்றரை மணி நேரத்தில் சுமார் 2.1 லிட்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு ட்ரிங்க்ஸ் பிரேக்கிலும் சேர்த்து 600 மில்லிக்கு மேல் குடிக்க முடியாது. ஒரே மூச்சில் அதிகம் குடித்தால் ஓடும்போது வயிறு குலுங்கும். மிச்சம் ஒன்றரை லிட்டர் எங்கிருந்து வரும்? நல்லவேளையாக, வேகப்பந்து வீசுபவன் தன் ஓவர் முடிந்ததும் பெரும்பாலும் ஃபைன் லெக்கிலோ தேர்டு மேனிலோ போய் நிற்பான். எல்லைக்கோட்டுக்கு வெளியே அவன் நிற்கும் இடத்தருகே ஒரு பாட்டிலை வைத்துவிட்டால் போதும். ஓவர் மாறும் அந்த இடைவெளியில் நாலு மடக்கு, சுமார் 100 மில்லி. 50 ஓவரில் இப்படி 15 முறை குடித்தாலே ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால் பாட்டில் ஓரளவு குளுமையாகவே இருக்கும். குளிர்ந்த நீர் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்ற பயம் இங்கே வேண்டாம். வெயிலில் நிற்கும் பையன் குளுமையான நீரைத்தான் அதிகம் குடிப்பான்.

அந்த பாட்டிலில் என்ன இருக்க வேண்டும் என்பதற்குச் சிறுகுடலில் விடை இருக்கிறது. குடல் சுவரின் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. அவை இரண்டும் உள்ளே போகும்போது நீரும் பின்தொடர்ந்து போகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் உயிர் காப்பது இந்த வழியில்தான். ஆட்டக்காரனுக்கு அந்த அளவு உப்பு தேவையில்லை. நாங்கள் செய்வது இது: ஒரு லிட்டர் நீரில் இரண்டு எலுமிச்சம்பழம், தலை தட்டிய 10 டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு. சர்க்கரை 40 கிராம், அதாவது 4 சதவீதக் கரைசல். சர்க்கரையை இரட்டிப்பாக்கினால் ருசி கூடும், ஆனால் 8 சதவீதம் தாண்டினால் அது இரைப்பையிலிருந்து இறங்கத் தாமதமாகும். பாட்டில் குளிர்பானங்களில் 10 சதவீதம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு ஓடுகிறவன் வயிறு கனக்கிறது என்பான்.

இளநீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். எனவே இளநீரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ கூடவே வேண்டும். ஒரு லிட்டர் இந்தச் சாறு, மீதி வெறும் நீர் என்று வைத்துக்கொண்டோம். ட்ரிங்க்ஸ் பிரேக்கில் ஒரு வாழைப்பழம். அதில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாறும் பழமும் சேர்ந்து மணிக்கு 20 கிராம் அளவுக்கு வரும். நின்று நின்று ஓடும் ஆட்டத்துக்கு இது தாராளம். கடலை மிட்டாயை நான் ஸ்பெல்லுக்கு நடுவில் கொடுப்பதில்லை. கடலையின் கொழுப்பு செரிக்க நேரம் பிடிக்கும். பேட்டிங்குக்குப் பேடு கட்டிக்கொண்டு காத்திருக்கும்போது அது சரிவரும்.

சரி, காலைச் சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாள் இரவு சோறோ சப்பாத்தியோ ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் தசைகளில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு காலையிலும் அப்படியே இருக்கும். தூக்கம் தசைகளைக் காலி செய்வதில்லை. காலியாவது கல்லீரலின் சேமிப்பு. இரவு முழுவதும் மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருப்பது அதுதான். வெறும் வயிற்றோடு வருகிற பையன் முதல் ஸ்பெல்லை நன்றாகவே போட்டுவிடுவான். பிறகுதான் எரிச்சலும் தலைவலியும் மந்தமும் வரும்.

ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு சாப்பிட்டால், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல அளவு. 50 கிலோ பையனுக்கு 100 கிராம். 40 கிராம் எடையுள்ள ஓர் இட்லியில் சுமார் 12 கிராம் இருக்கும். ஆறு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாம்பாரும் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. கூடவே 300 மில்லி நீர். 9 மணி ஆட்டத்துக்கு 6.30-க்குத் தட்டின் முன் உட்கார வேண்டும். வடை, பூரி, நெய் மிதக்கும் பொங்கல் எல்லாம் வேறொரு நாளைக்கு. அவற்றில் குற்றமில்லை, ஆனால் எண்ணெயும் நெய்யும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். ஓடி வந்து பந்து போடும்போது புளித்த ஏப்பம் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே.

பதற்றத்தில் இட்லி இறங்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். திணிக்க வேண்டாம். இரண்டு மூன்று இட்லியோடு விட்டுவிட்டு, மைதானத்தில் 8.15-க்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் மோர் கலந்த கேழ்வரகுக் கூழ் ஒரு டம்ளர். எதுவானாலும் முதலில் பயிற்சி நாளில் கொடுத்துப் பாருங்கள். ஆட்ட நாள் காலை புது உணவுக்கு ஏற்ற நேரமில்லை.

மதிய இடைவேளை முக்கால் மணி நேரம்தான். தொடக்க ஆட்டக்காரன் அதற்குள் சாப்பிட்டு, பேடு கட்டி, வெளியே போயாக வேண்டும். அவனுக்கு ஒரு கப் தயிர் சோறும் ஒரு பழமும் போதும். சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும், உப்பும் தயிரும் கூடவே நீரைப் பிடித்து வைக்கும். ஆறாவதாக இறங்குபவன் இன்னொரு கப் சாப்பிடலாம். பொட்டலப் பிரியாணி வந்தால் அதை ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடச் சொல்லுங்கள்.

எடை மெஷின் இன்னொரு எச்சரிக்கையும் கொடுக்கும். உள்ளே வரும்போது பையன் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் நீர் குடித்திருக்கிறான் என்று பொருள். வெறும் நீரை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. இன்னொன்று, வெயிலில் நிற்கும் பையன் தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ வியர்வை வழிகிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வெப்பத்தாக்கத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு எவ்வளவு அவசரம் என்பது அடுத்த ஆட்டம் எப்போது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரம் இருந்தால் வீட்டுச் சாப்பாடே போதும். மறுநாள் காலையே ஆட்டம் என்றால் நேரம் முக்கியம். உழைத்து முடித்த முதல் சில மணி நேரத்தில் தசைச் செல்கள் சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும், கிளைகோஜன் அப்போது விரைவாக நிரம்பும். பேருந்துக்குக் காத்திருக்கும்போதே இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்துவிடலாம். தசை நாரைச் சரிசெய்யப் புரதம் வேண்டும், 50 கிலோ பையனுக்கு ஒரு வேளைக்கு 15 கிராம் போதும். 200 மில்லி பாலில் ஆறு கிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு. முட்டை சாப்பிடாத வீட்டில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். புரதப் பொடிக்கு இங்கே வேலையே இல்லை.

நீரைப் பொறுத்தவரை, குறைந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும், ஏனென்றால் குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர், தூங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. இரவு ரசமும் சாம்பாரும் ஊறுகாயும் அதற்கு வேண்டிய உப்பைத் தந்துவிடும்.

மறுநாள் காலை எழுந்து சிறுநீர் கழித்ததும் மறுபடி எடை பார்க்கிறான். வழக்கமான காலை எடையிலிருந்து 200, 300 கிராமுக்குள் இருந்தால் ஆறு இட்லி. அரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் இட்லிக்கு முன்பே அரை லிட்டர் உப்புப் போட்ட மோர், முதல் பந்துக்கு முன் எலுமிச்சைச் சாறு இன்னொரு டம்ளர்.