மௌனத்தை வெட்டினால் பார்வையாளர் கூடுதலாக நிற்கிறாரா?

கேமராவைப் பார்த்துப் பேசும் பத்து நிமிட வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி இயற்பியல் பாடம் என்றே வைத்துக்கொள்வோம். பேசியவர் யோசித்த இடம், மூச்சு வாங்கிய இடம், குறிப்பைப் பார்த்த இடம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு நிமிடம் வரை வெறும் மௌனமாகவே போயிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினால் எட்டு நிமிட வீடியோ கிடைக்கும். ஒட்டிய இடங்களில் தலை சட்டென்று இடம் மாறும், அதுதான் ஜம்ப் கட். வெட்டுவது சுலபம். எந்த மௌனத்தை வெட்டலாம், வெட்டியதால் பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மௌனத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் பேச்சு புரியாது. ஒலியின் அளவு மட்டும்தான் அதற்குத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக்கில் இப்படிக் கேட்கலாம்:

```
ffmpeg -i paadam.mp4 -af silencedetect=noise=-35dB:d=0.5 -f null -
```

ஒலி மைனஸ் 35 டெசிபெலுக்குக் கீழே இறங்கி, அரை நொடியாவது அங்கேயே இருந்தால் அதை மௌனம் என்று குறித்துக்கொடு என்பது இதன் பொருள். அது தொடங்கிய நொடி, முடிந்த நொடி, நீளம் மூன்றும் திரையில் வரிசையாக வரும். வீடியோவில் கை வைக்காமல் பட்டியல் மட்டும் தருவதால், முதலில் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இந்த இரண்டு எண்களில் தவறு நேர்ந்தால் பேச்சு காயப்படும். 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு பல்லின் பின்னே ஒட்டி நிற்கும் ஒரு கணம் ஒலி கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. பக்கம், பட்டம், அப்பா என எல்லா வல்லின இரட்டிப்பிலும் இதே கதைதான். அந்த அடைப்பு சுமார் 0.1 முதல் 0.2 நொடி வரை நீளும். குறைந்தபட்ச நீளத்தை 0.1 நொடி என்று வைத்தால் மென்பொருள் சொல்லுக்குள்ளேயே கத்தி வைக்கும், ஒற்று தேய்ந்துபோகும். அளவுக் கோட்டை மைனஸ் 25 என்று உயர்த்தினால் வேறு சிக்கல். வாக்கியத்தின் கடைசியில் குரல் இயல்பாகவே தணியும், அந்த வால் அறுபடும். 'இருக்கிறது' என்பது 'இருக்கிற' என்று நின்றுவிடும். அதனால்தான் வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் 0.1, 0.2 நொடி விட்டுவைப்பது வழக்கம். இதற்கு மேல், ஒட்டும் இடத்தில் ஒலியைச் சில மில்லிநொடி ஒன்றோடொன்று கலக்கவிட்டால் 'டக்' சத்தமும் வராது.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் பல வீடியோக்கள் மூச்சுமுட்டவைக்கின்றன. பேசியவர் ஒரு சொல்லைக்கூட வேகமாகச் சொல்லவில்லையே, பிறகு ஏன்?

பேச்சு வேகம் என்பதில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. ஒன்று, வாய் அசையும் நேரத்தை மட்டும் கணக்கிட்ட வேகம். இன்னொன்று, இடைவெளிகளையும் சேர்த்த வேகம். 1950, 60-களில் லண்டனில் பேச்சின் மௌனங்களை அளந்த உளவியலாளர் ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் இந்த வேறுபாட்டை வற்புறுத்தினார். சொல்லுக்குள் வரும் அடைப்பு கணக்கில் கலந்துவிடக் கூடாதென்று கால் நொடிக்கு மேற்பட்டதையே அவர் மௌனமாக எடுத்துக்கொண்டார். நம் பாடத்தில் 1,000 சொற்கள் இருந்தால், முன்பு நிமிடத்துக்கு 100 சொற்கள், வெட்டிய பிறகு 125. வாயின் வேகம் மாறவேயில்லை. ஆனால் கேட்பவர் ஒரு கருத்தை உள்வாங்கக் கிடைத்த நேரம் போய்விட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு, இடைவெளிகளுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வு. இயல்பான பேச்சில் தொடருக்குள் வரும் நிறுத்தம் சின்னது, வாக்கியம் முடிந்தால் கொஞ்சம் பெரியது, புதிய விஷயத்துக்குத் தாவும்போது இன்னும் பெரியது. கேட்பவர் இவற்றை வைத்துத்தான், தன்னையறியாமல், எது எதோடு சேர்கிறது என்று பிரித்துக்கொள்கிறார். தானியங்கி வெட்டு 0.6 நொடியையும் 2 நொடியையும் ஒரே 0.3 ஆக்கிவிடுகிறது. பத்தி பிரிக்காமல் அச்சடித்த பக்கம் மாதிரி ஆகிவிடுகிறது பேச்சு. படபடப்பு முக்கியமாக இதிலிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து.

ஆகவே மௌனத்தை அழிப்பதைவிடச் சுருக்குவது மேல். 2 நொடி நிறுத்தத்தை 0.8 ஆக்கலாம், 1 நொடியை 0.5 ஆக்கலாம், 0.5-ஐத் தொடாமல் விடலாம். வரிசை அப்படியே இருக்கும், நேரமும் மிச்சமாகும். கேள்வி கேட்ட பிறகு விட்ட இடைவெளி, கரும்பலகையில் சமன்பாடு எழுதி முடித்த பிறகு விட்ட இடைவெளி இரண்டையும் கையால் காப்பாற்ற வேண்டும். மாணவர் அந்த நேரத்தில்தான் யோசிக்கிறார். மூச்சொலியையும் மொத்தமாகத் துடைக்காதீர்கள். நீளமாகப் பேசுபவர் மூச்சே வாங்காவிட்டால் கேட்பவருக்கு ஏதோ உறுத்தும்.

சரி, வெட்டியாகிவிட்டது. ரிடென்ஷன், அதாவது வீடியோவில் எவ்வளவு பங்கைப் பார்வையாளர் நின்று பார்க்கிறார் என்ற அளவு, கூடியதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பழைய பத்து நிமிட வீடியோவைச் சராசரியாக 4 நிமிடம் பார்த்தார்கள் என்றால் 40 சதவீதம். புதிய எட்டு நிமிட வீடியோவையும் அதே 4 நிமிடம் பார்த்தால் 50 சதவீதம். எண் பத்துப் புள்ளி ஏறிவிட்டது, ஆனால் யாரும் ஒரு நொடிகூடக் கூடுதலாக உட்காரவில்லை. அப்படியானால் சராசரி நேரத்தைப் பார்த்தால் போதுமா? அதுவும் ஏய்க்கும். பழையதைக் கடைசிவரை பார்த்தவர்கள் 15 சதவீதம் என்று வையுங்கள். அவர்கள் பத்து நிமிடம் கொடுத்த இடத்தில் இப்போது எட்டுதான் கொடுக்க முடியும். அதனாலேயே சராசரி 18 நொடி குறையும், வீடியோ மோசமாகாமலேயே.

ஆக, வீடியோவின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோ தரும் வளைவில் இரண்டு புள்ளிகளை எடுத்து ஒப்பிட வேண்டும். பழையதில் 5:00-இல் ஒரு முக்கிய வாக்கியம் வருகிறது, 38 சதவீதம் பேர் அங்கே இருக்கிறார்கள். 4:00-இல் 45 சதவீதம். வெட்டிய வீடியோவில் அதே வாக்கியம் 4:00-க்கு வந்துவிடுகிறது. அங்கே 45 சதவீதம் இருந்தால், மக்களின் பொறுமை மாறவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டவர்கள் 38-இலிருந்து 45 ஆகிவிட்டார்கள். பாடம் நடத்துபவருக்கு இது நிஜமான லாபம். 50 இருந்தால் வெட்டே ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது எனலாம். 40 இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வாக்கியத்தை எட்டியவர்கள் கொஞ்சம் கூடினாலும், கடிகாரப்படி முன்பைவிடச் சீக்கிரமாக எழுந்து போகிறார்கள். அவசரமாக ஒலிப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே பாடத்தை இரண்டு முறை ஏற்றி ஒப்பிடுவது நியாயமாக இருக்காது, வந்து சேரும் கூட்டமே வேறாகிவிடும். ஒரு தொடரில் மாற்றி மாற்றி, ஒரு பாடம் சுருக்கியும் அடுத்தது சுருக்காமலும் போடுவது பரவாயில்லை. புதியவர்களையும் திரும்ப வருபவர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 1,000 பார்வை என்றால் நாலைந்து புள்ளி வித்தியாசம் தற்செயலாகவே வரும். ஒரு ஜோடியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அவசரத்தைக் காட்டும் இன்னொரு தடயமும் அந்த வளைவில் கிடைக்கும். பின்னோக்கி இழுத்து மறுபடி பார்த்தால் அந்த இடத்தில் சின்ன மேடு எழும். சமன்பாடு முழுதாகத் தெரியும் இடத்தில் மேடு என்றால் குறித்துக்கொள்ளத் திரும்பி வந்திருக்கலாம். விளக்கத்தின் நடுவே, வெட்டு அடர்ந்த இடத்தில் மேடு, உடனே பின்னால் சரிவு என்றால், கேட்டது புரியாமல் திரும்பிப் போய், அப்புறமும் புரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். அந்தப் பகுதியை மட்டும் பாடம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக்காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு கருத்துகளை ஒன்றாகக் குழப்பிச் சொன்னால், அவற்றுக்கு நடுவே நீங்கள் வெட்டிய இடைவெளியில் அரை நொடியைத் திருப்பி வைத்துவிட்டு, இன்னொருவரிடம் போட்டுக்காட்டுங்கள்.