வாடிவாசல் காளைக்கு எத்தனை படம் வரைய வேண்டும்?

அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒரு புலிக்குளம் காளை நிற்கிறது. இரண்டு விநாடி நின்ற இடத்திலேயே நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரே பாய்ச்சலில் திரையை விட்டு வெளியேறுகிறது. பின்னால் புழுதி மட்டும் மிச்சம். மொத்தம் நான்கு விநாடிக் காட்சி. இதைக் கையால் வரைந்து அனிமேஷனாக எடுத்தால் எத்தனை படம் ஆகும்?

சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுப் படம் வரைந்தால் 96 வேண்டும். துறையில் இதற்கு 'ஒன்ஸ்' என்று பெயர். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு அப்படியே வைத்தால் அது 'டூஸ்'. 48 போதும்.

படம் பாதியானால் தரமும் பாதியாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நடப்பது, திரும்புவது, பேசுவது போன்ற சாதாரண அசைவுகளை விநாடிக்கு 12 படத்திலேயே கண் தடையில்லாமல் இணைத்துக்கொள்கிறது. மெதுவான அசைவுக்கோ டூஸ்தான் மேல். ஒன்ஸில் வரைந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும். கை அவ்வளவு துல்லியமாக ஓடாது. கோட்டில் விழும் சின்னச் சின்னப் பிசகெல்லாம் திரையில் நடுக்கமாகத் தெரியும். அதிகம் உழைத்து மோசமாக வாங்குவது என்றால் இதுதான்.

வேகமான அசைவில் கதை மாறுகிறது. கேமராவில் பிடித்த காளை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் கலங்கலாக விழும். அந்தக் கலங்கல்தான் ஒன்றை அடுத்ததோடு ஒட்டவைக்கிறது. வரைந்த காளைக்கு விளிம்பு கூர்மை. டூஸில் அது பாய்ந்தால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு காளையாகத் தெரியும். சோதிப்பது எளிது: அடுத்தடுத்த இரண்டு படங்களை அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உருவங்கள் ஒன்றோடொன்று கொஞ்சமாவது படிந்தால் டூஸ் தாங்கும். நடுவே வெற்றிடம் விழுந்தால் ஒன்ஸுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் உடலை இழுத்து நீட்டிய 'ஸ்மியர்' படம் ஒன்றை இடையில் போட வேண்டும்.

சரி, நம் காளைக்கு வருவோம். முதல் 48 ஃப்ரேமுக்கு உடல் ஒரே படம். வால் தனி லேயர், அதாவது உடலின் மேல் வைக்கும் தனிப் படம். ஆறு படங்கள் டூஸில் ஓடினால் 12 ஃப்ரேமில் ஒரு சுற்று, அதை நான்கு முறை திருப்பி ஓட்டலாம். காது துடிக்கவும் கண் சிமிட்டவும் மூன்று. ஆக பத்து. அடுத்த 12 ஃப்ரேமில் தலை தாழ்ந்து பின்னங்கால் மடங்குகிறது: டூஸில் ஆறு படம். பாய்ச்சல் எட்டே ஃப்ரேம், ஆனால் ஒன்ஸ்: எட்டு படம். மீதி 28 ஃப்ரேமுக்குப் புழுதி. புழுதிக்கு அவசரமில்லை, ஒரு படத்தை நான்கு ஃப்ரேம் வைத்தாலும் தாங்கும், ஏழு போதும். மொத்தம் 31 படம். பார்ப்பவர் நினைவில் நிற்கப்போவது பாய்ச்சல்தான்; அதில் ஒரு ஃப்ரேம்கூட மிச்சம் பிடிக்கவில்லை.

இந்தச் சிக்கனம் மலிவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, நிற்கும் படம் சுமாராக இருப்பது. இரண்டு விநாடி கண் அதன் மேலேயே இருப்பதால் திமிலின் வளைவும் கழுத்துத் தசையும் தப்பாக இருந்தால் ஒளிக்க இடமில்லை. மிச்சமான நேரத்தை அந்த ஒரு படத்தில்தான் போட வேண்டும். மற்றொன்று, எல்லாம் ஒரே ஃப்ரேமில் நின்றுவிடுவது. தலை நின்ற பிறகும் காது இரண்டு ஃப்ரேம் ஆட வேண்டும், வால் அதற்கும் பிறகுதான் அடங்க வேண்டும். அப்போதுதான் அது நிற்கிற காளை. இல்லாவிட்டால் உறைந்த காளை.

லேயர்கள் சேரும் இடத்திலும் கவனம் வேண்டும். ஹன்னா-பார்பெரா கார்ட்டூனில் யோகி கரடி காலரும் டையும் கட்டியிருப்பது வெறும் அழகுக்காக இல்லை. தலையை மட்டும் தனியாக அசைக்கும்போது கழுத்து ஒட்டு தெரியாமல் அது மறைத்துவிடும். நம் காளைக்குக் கழுத்தில் மணிக்கயிறு ஒன்று கட்டிவிட்டால் அதே வேலை நடக்கும்.

டூஸ் நிச்சயமாகக் காலை வாரிவிடும் இடம் ஒன்று உண்டு. காளை ஓட, கேமராவும் கூடவே நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகரும், காளை இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் மாறும். முதல் ஃப்ரேமில் குளம்பு ஒரு கல்லின் மேல் இருக்கும். இரண்டாவதில் கல் பின்னால் போயிருக்கும், குளம்பு போயிருக்காது. காளை மண்ணில் வழுக்கிக்கொண்டே ஓடுவதுபோல உதறல் வரும். சந்தேகம் வந்தால் ஒரு குளம்பையும் பக்கத்துக் கல்லையும் மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். படத்தைத் தரையோடு சேர்த்து நகர்த்தினால் குளம்பு ஒட்டும், ஆனால் உடம்பு குலுங்கும். அந்த ஷாட்டுக்கு ஒன்ஸ்தான் வழி. அவ்வளவு வரைய ஆள் இல்லையென்றால் கேமராவை நிறுத்திவிட்டு, காளையைத் திரையின் குறுக்கே ஓடவிடலாம்.