வீடா, வூடா? ஒரு சொற்பட்டியலால் ஓர் ஊரின் உயிரொலிகளை அளப்பது

வட தமிழ்நாட்டில் பலர் ‘வீடு’ என்பதை ‘வூடு’ என்று சொல்கிறார்கள். ‘பெட்டி’ ‘பொட்டி’ ஆவதும், ‘பெண்’ ‘பொண்ணு’ ஆவதும், ‘பிள்ளை’ ‘புள்ள’ ஆவதும், ‘பிடி’ ‘புடி’ ஆவதும் இதே வகை மாற்றங்கள். சொல்லின் முதலில் ப, ம, வ போன்ற இதழொலி ஒன்று வந்து, அடுத்து ட, ண, ள, ழ போன்ற நாவளை ஒலி ஒன்று வரும்போது, இடையில் அகப்பட்ட இ, ஈ, எ என்னும் முன்னுயிர்கள் இதழ் குவிந்து உ, ஊ, ஒ என்னும் பின்னுயிர்களாகின்றன. ஓர் ஊரில் இம்மாற்றத்தை யார், எந்தச் சொல்லில், எந்த அளவுக்குச் செய்கிறார்கள் என்று கண்டறிவது சமூக ஒலியியலில் புதிதாக இறங்குபவருக்கு ஏற்ற முதல் வேலை. மாற்றம் காதுக்கே தெளிவாகக் கேட்கிறது, கருவியால் அளக்கவும் எளிது.

பட்டியலில் மாறக்கூடிய சொற்களை மட்டும் அடுக்கினால் போதாது. ஒருவர் ‘வூடு’ என்று சொன்னால், அதற்கு இதழொலியும் நாவளை ஒலியும் சேர்ந்து வந்ததுதான் காரணமா, அவர் ஈகாரத்தையே எங்கும் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பேசுபவரா என்பது அச்சொல்லை மட்டும் வைத்துத் தெரியாது. ஆகவே ‘வீடு’ இருக்கும் பட்டியலில் ‘பீர்க்கங்காய்’ வேண்டும். அதில் முன்னால் இதழொலி உண்டு, பின்னால் நாவளை ஒலி இல்லை. ‘சீட்டு’ வேண்டும், அதில் நாவளை ஒலி உண்டு, இதழொலி இல்லை. இரண்டும் இல்லாத ‘கீரை’யும், உண்மையான ஊகாரத்தைக் காட்டும் ‘கூடை’யும் அளவுகோலின் இரு முனைகளாக நிற்கும். எகரத்துக்கும் இகரத்துக்கும் இதே முறையில் சொற்களைத் தேர்ந்து, எதைத் தேடுகிறோம் என்று பேசுபவர் ஊகிக்காதபடி நடுவே தொடர்பில்லாத சில சொற்களையும் கலந்து வைத்தால், இருபத்தைந்து சொற்களுக்குள் பட்டியல் முடிந்துவிடும். ‘மிளகாய்’ ஆசை காட்டும் சொல்; ஆனால் அது ‘மொளகா’ ஆகும்போது இதழ் குவிவதோடு, பின்னால் வரும் அகரத்தால் இகரம் எகரமாகத் தாழ்வதும் சேர்ந்தே நடக்கிறது. இரண்டு மாற்றங்கள் ஒரே சொல்லில் கலந்திருப்பதால் முதல் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பட்டியலைத் தாளில் அச்சிட்டு வாசிக்கச் சொல்வது பிற நாடுகளில் வழக்கமான முறை. தமிழில் அதைச் செய்தால் பெரும்பாலும் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் ‘வீடு’ என்று இருப்பதைப் பார்த்தவுடன், பள்ளிக்கூடத்துக்குப் போன எவரும் எழுத்துத் தமிழுக்கு மாறி ‘வீடு’ என்றே வாசிப்பார்; அவர் வீட்டுத் திண்ணையில் பேசும் உயிரொலி நம் கைக்கு வராது. எனவே சொற்களைப் படங்களாகக் காட்ட வேண்டும். படமாகாத ‘பிடி’ போன்றவற்றுக்குக் கேள்வி வேண்டும்: “பந்தை உங்க பக்கம் எறிஞ்சா, என்ன பண்ணச் சொல்லுவேன்?” கேள்வி கேட்பவர் அந்தச் சொல்லைத் தாமே முதலில் உச்சரித்துவிடக் கூடாது, ஏனெனில் எதிரில் இருப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். கேட்பவர் அதே ஊர்க்காரராக இருப்பது நல்லது. ஒவ்வொரு சொல்லையும் “இது ... தான்” என்னும் ஒரே தொடருக்குள் மூன்று முறை சொல்ல வைத்தால், தனிச்சொல்லைப் பட்டியல் போல இழுத்துச் சொல்லும் பழக்கம் குறையும். எல்லாம் முடிந்தபின், கடைசியாக மட்டும், அதே சொற்களை அட்டையில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லலாம். படத்துக்கு ‘வூடு’ என்றவர் அட்டைக்கு ‘வீடு’ என்றால், எந்த வடிவம் எங்கே பொருந்தும் என்று அவரே வைத்திருக்கும் கணக்கு நமக்குக் கிடைக்கிறது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் ஒலியைச் சுருக்காத WAV வடிவில் பதிவு செய்தாலே போதும். குரல் செய்தியாக அனுப்பிப் பெற்ற ஒலியை அளப்பதற்கு நம்பக் கூடாது, ஏனெனில் சுருக்கும்போது அலைவரிசையின் சில பகுதிகள் சிதைந்துவிடுகின்றன.

அளப்பதற்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய Praat என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. உயிரொலியை உச்சரிக்கும்போது வாயறை சில அதிர்வெண்களை வலுப்படுத்துகிறது. இவற்றுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். வாய் திறக்கத் திறக்க முதல் ஃபார்மன்ட் உயரும். நா முன்னே போகப் போக இரண்டாவது உயரும், இதழ் குவியும்போது தாழும். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாவது ஃபார்மன்ட். அதை உயிரொலியின் நடுப்புள்ளியில் எடுக்க வேண்டும். ஓரங்களில் எடுத்தால் பக்கத்து வகரமும் டகரமும் அதை வளைத்திருக்கும்.

1952இல் பீட்டர்சனும் பார்னியும் அமெரிக்காவில் 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்து வெளியிட்டார்கள். அதில் ஈகாரத்தின் இரண்டாவது ஃபார்மன்ட் ஆண்களுக்குச் சராசரியாக 2290 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 2790. ஊகாரத்துக்கு முறையே 870, 950. ஒரே உயிரொலிக்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு முதன்மைக் காரணம் குரல்வழியின் நீளம், வட்டார வழக்கு அன்று. எனவே அளந்த எண்களை அப்படியே ஒருவருக்கொருவர் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொருவரின் ‘கூடை’யைச் சுழியம் என்றும், ‘கீரை’யை ஒன்று என்றும் கொண்டு, ‘வீடு’ அவற்றுக்கிடையே எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு பெண்ணுக்குக் ‘கீரை’ 2600, ‘கூடை’ 900, ‘வீடு’ 1250 என்று வைத்துக்கொள்வோம். 350ஐ 1700ஆல் வகுத்தால் 0.21. ஓர் ஆணுக்கு 2200, 800, அதே 1250 என்றால், 450ஐ 1400ஆல் வகுக்க 0.32 வருகிறது. எண் ஒன்றேயானாலும் அந்தப் பெண்ணின் உயிரொலிதான் ஊகாரத்துக்கு நெருக்கமானது. அவருடைய ‘பீர்க்கங்காயும்’ ‘சீட்டும்’ ஒன்றுக்கு அருகிலேயே நின்றால், நாம் தேடிய மாற்றம் இதுதான் என்று துணிந்து எழுதலாம்.

மென்பொருள் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு, அது இந்த ஆய்வில் மிகவும் ஆபத்தானது. ஊகாரத்தில் முதல் இரண்டு ஃபார்மன்டுகளும் நெருங்கியிருப்பதால், குரல் உயர்ந்தவர்களிடம் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டு, மூன்றாவதை இரண்டாவது என்று காட்டும். மேற்சொன்ன அளவீட்டில் ஆண்களின் ஊகாரத்து மூன்றாவது ஃபார்மன்ட் 2240. ஈகாரத்தின் இரண்டாவதோ 2290. அதாவது, தெளிவாக ‘வூடு’ என்று சொன்னவரை அட்டவணை ‘வீடு’ என்று சொன்னவராகக் காட்டிவிடும். காதில் ஊகாரம் கேட்டும் எண் இரண்டாயிரத்தைத் தாண்டினால், வலுவான அதிர்வெண்களைக் கருமையான பட்டைகளாகக் காட்டும் நிறமாலைப் படத்தைத் திறந்து, ஃபார்மன்டுகள் என்று மென்பொருள் இடும் சிவப்புப் புள்ளிகள் அந்தப் பட்டைகளின்மேல் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தேடும் அதிர்வெண்ணின் மேல் வரம்பை ஆண்களுக்கு 5000, பெண்களுக்கு 5500 என்று வைப்பது வழக்கம். பிழை தெரிந்தால் அதைச் சற்று மாற்றி மீண்டும் அளக்கலாம். இதற்காகவே, எண்களைப் பார்க்கும் முன் இருவர் தனித்தனியே ஒலியைக் கேட்டு ‘வீ’, ‘வூ’, ‘இடைப்பட்டது’ என்று குறித்து வைப்பது நல்லது.

முடிவுகளை எழுதும்போது எல்லாச் சொற்களையும் கூட்டி ஒரு சராசரி போடும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ‘பொண்ணு’ இன்று படித்தவர், படிக்காதவர், வடக்கு, தெற்கு என்ற வேறுபாடின்றிப் பலர் வாயிலும் இயல்பாக வருகிறது. ‘வூடு’ அப்படியன்று, அதைக் கொச்சை என்று திருத்துபவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால், எல்லாரிடமும் ஒரேபோல வரும் சொல், ஆளுக்கு ஆள் மாறும் சொல்லை மறைத்துவிடும். சொல்வாரியாக அட்டவணையிட்டு, அருகில் பேசுபவரின் வயது, பால், வளர்ந்த ஊர், படிப்பு ஆகியவற்றைப் பெயரின்றிக் குறித்தால், வேறுபாடு எங்கே நிற்கிறது என்று புலப்படும். இளையவர்களிடம் ‘வூடு’ குறைவாக இருந்தால், அவ்வடிவம் ஊரைவிட்டுப் போகிறது என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் படிப்பும் வேலைதேடலும் நடக்கும் வயதில் ‘வீடு’ என்று கவனமாகப் பேசுபவர்கள் பிற்காலத்தில் ‘வூட்டுக்கு’த் திரும்புவதும் இயலக்கூடியதே. ஒரே ஆண்டில் எடுத்த பதிவு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது; அதே பட்டியலைக் கொண்டு அதே ஊரில் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.